இருநூறு வேற லெவல்

குருவுக்கு வயது இருபத்து மூன்று. சீடருக்கு ஐம்பத்தொன்று. தாடி சீடருக்குத்தான் இருந்தது.

குருவின் பெயர் ஷப்னம். திருச்சி தில்லை நகரில், ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய ஆபீஸ். ஜவுளிக்கடையோ பிரியாணிக்கடையோ கல்யாண போட்டோகிராபரோ, இன்ஸ்டாகிராமில் படம் போட்டால் அதற்குக் கீழே ஒரு வரி வேண்டுமே, அந்த வரியை எழுதிக் கொடுப்பதுதான் தொழில். ஆபீசில் எல்லோரும் அவளை விளையாட்டாக குரு என்றுதான் கூப்பிடுவார்கள்.

சீடர் சிதம்பரநாதன். வார இதழ் ஒன்றில் இருபத்தாறு வருஷம் படங்களுக்குக் கீழே வரி எழுதியவர். இதழை மூடிவிட்டார்கள். படம், அதற்கு ஒரு வரி, இதில் நமக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று இங்கே வந்து சேர்ந்தார். இப்படி நினைத்துக்கொண்டு வருகிறவர்களை எந்தத் தொழிலும் சும்மா விட்டதில்லை.

முதல் நாள் ஒரு மணப்பெண் படத்துக்கு, 'எழில் கொஞ்சும் மணமகள்' என்று எழுதினார்.

"சார், பொண்ணுக்கு வயசு இருபத்தி நாலு" என்றாள் ஷப்னம்.

மறுநாள் ஒரு பிரியாணிப் படத்துக்கு, 'செம மாஸ் கெத்து தெறி பிரியாணி.' என்று எழுதி, கடைசியில் ஒரு முற்றுப்புள்ளியும் வைத்தார்.

அதைப் படித்துவிட்டு அவள் எழுந்தாள். அவரைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி, கல்லூரி வாசலில் இருக்கும் டீக்கடையில் உட்கார வைத்தாள்.

"எதுவும் எழுதாதீங்க. ஒரு வாரம் பசங்க பேசுறதக் கேளுங்க."

ஒரு வாரம் கேட்டார். அவர் அறிந்த தமிழ் ஒரு பக்கம் இருக்க, இந்தப் பிள்ளைகள் வேறு ஏதோ ஊரில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். திரும்பி வந்ததும் முதல் சந்தேகத்தைக் கேட்டார்.

"குரு, எல்லாத்துக்கும் அர்த்தம் நல்லா இருக்குங்கிறதுதானே? அப்புறம் எதுக்கு இத்தனை வார்த்தை?"

"எங்க, பிரியாணிய கெத்துனு எவனாவது சொன்னானா?"

சீடர் யோசித்தார். "சொல்லல."

"கெத்து ஆளுக்குத்தான் சார். நிக்கிறதுல, நடந்து வர்றதுல தெரியும். பிரியாணி எங்க நடந்து வந்துச்சு?"

"தெறி?"

"அடி விழணும். டிரம்ஸ் வாசிச்சா தெறி. தாலாட்டு பாடினா தெறியா?"

"அப்ப இந்த மாஸ்..."

"அத அவனவன் தனக்கே போட்டுக்கக் கூடாது. அடுத்தவன் வந்து போடணும். நாம கடைக்காரர் சார்பா எழுதுறோம்ல? அடக்கி வாசிச்சாத்தான் கீழ கமெண்ட்ல வந்து பசங்க மாஸ்னு போடுவாங்க. நாமளே போட்டுட்டா சிரிப்பாங்க."

"செம?"

"அது உப்பு மாதிரி. எதுலயும் போடலாம். ஆனா புள்ளி வைக்காதீங்க. 'செம'னு போட்டுப் புள்ளி வச்சா, ஏதோ கோவத்துல இருக்கீங்கனு நெனப்பாங்க."

இருபத்தாறு வருஷம் ஒரு புள்ளி விட்டுப்போனதற்காக அச்சுக்கோப்பவர்களைத் திட்டித் தீர்த்த மனிதர் அவர். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஒரு நாள் இருவரும் சிக்னலில் நின்றார்கள். எதிரே ஒரு பெரிய விளம்பரப் பலகை. சிரித்த முகத்தோடு ஒரு குடும்பம். மேலே, 'வேற லெவல் வட்டி!'

சீடர் புதுச் சொற்களைக் குறித்து வைத்திருந்த நோட்டை ஷப்னம் வாங்கி, அதில் 'வேற லெவல்' என்ற வரியின் மேல் கோடு போட்டாள்.

"ஏன் குரு? எல்லாரும் சொல்றாங்களே."

"அதனாலதான் சார்."

அவருக்கு அது அப்போது புரியவில்லை. புரிந்த மாதிரி தலையை மட்டும் ஆட்டினார்.

மூன்று மாதம் போனது. சிதம்பரநாதன் ஓரளவு தேறிவிட்டார். அப்போதுதான் ஒரு மத்தியானம், அவருடைய போனில் ஒரு வீடியோவில் இருதயராஜ் வந்தான்.

மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடிப் பாடுகிறான். நரைத்துவிட்டான். ஆனால் குரல் அப்படியே இருந்தது. மகள் எடுத்துப் போட்டிருக்கிறாள். கீழே, 'இருபத்தஞ்சு வருஷத்துக்கு அப்புறம் அப்பா பாடுறாங்க' என்று ஒரு வரி. ஊரே பார்த்திருந்தது. இருநூறுக்கு மேல் கமெண்ட்.

சீடர் அதை ஒன்பது தடவை பார்த்தார். பிறகு மெதுவாக டைப் செய்தார். 'வேற லெவல்'. முற்றுப்புள்ளி வைக்கவில்லை. ஒரு தீ பொம்மையும் போட்டார்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. ஒரு கும்பிடு பொம்மை. அவ்வளவுதான்.

அவர் போனை எடுத்துக்கொண்டு குருவின் மேஜைக்கு வந்தார்.

"குரு, ஒரு தனிப்பட்ட விஷயம். எந்த வார்த்த போட்டிருந்தா இவன் எங்கிட்டப் பேசுவான்?"

"யார் சார் இவரு?"

"என் ரூம்மேட். காலேஜ் ஹாஸ்டல்ல மூணு வருஷம் ஒரே அறை. எனக்கு அவன விட்டா ஆள் கிடையாது. அப்ப."

"இப்ப?"

சீடர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"படிப்பு முடிச்சு அவன் இன்னிசைக் குழு ஆரம்பிச்சான். ஒரு திருவிழாவுல கச்சேரி. நல்ல மழை. கூட்டம் கலஞ்சிடுச்சு. இவன் மட்டும் நிறுத்தாம பாடிக்கிட்டு இருந்தான். எங்க போட்டோகிராபர் அதப் படம் எடுத்துட்டாரு. இவன், முன்னாடி காலி நாற்காலிங்க. வரி எழுத என் மேஜைக்கு வந்துச்சு."

"என்ன எழுதினீங்க?"

"'கேட்ட நாற்காலிகள் சொக்கிப்போயின.'"

ஷப்னம் சிரிக்கவில்லை.

"எல்லாரும் சிரிச்சாங்க குரு. ஆசிரியர் கூப்பிட்டுப் பாராட்டினாரு. அதுக்கப்புறம் அவனப் பார்த்தா, 'நாற்காலிய மயக்கின பாகவதரே'னுதான் கூப்பிட்டாங்களாம். குழுவக் கலச்சுட்டான். பாடுறதையே விட்டுட்டான். எங்கிட்டயும் பேசல. நானும் போய்ப் பார்க்கல. அவன் கோவம் தணியட்டும்னு இருந்தேன். இருபத்தஞ்சு வருஷம் ஓடிப்போச்சு."

அவர் போனில் அந்தப் பாட்டை மறுபடி ஓட விட்டார்.

"இன்னைக்குத்தான் மறுபடி பாடுறான். நான் நல்லா இருக்குன்னு சொல்லணும். அவன் கும்பிடு போட்டுட்டான்."

ஷப்னம் போனை வாங்கி மெல்லத் தள்ளிக்கொண்டே போனாள். பிறகு திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"படிங்க சார்."

படித்தார். வேற லெவல். வேற லெவல் அங்கிள். வேற லெவல் வாய்ஸ். செம. வேற லெவல். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே கும்பிடு.

"இருநூத்திப் பதினாலு பேரு. எல்லாருக்கும் அதே கும்பிடு. உங்க பேரக்கூடப் படிச்சிருக்க மாட்டாரு."

சீடர் அந்தக் கும்பிடுகளைக் கடைசிவரை தள்ளிப் பார்த்தார். விளம்பரப் பலகைக்கு முன்னால் அவள் ஏன் கோடு போட்டாள் என்று இப்போது புரிந்தது. இந்த முறை அவர் தலையாட்டவில்லை.

"உங்க ஹாஸ்டல்ல இவர் பாடினா என்னனு கத்துவீங்க?" என்று கேட்டாள் ஷப்னம்.

"சூப்பர், டக்கர், தூள், எல்லாம்தான்."

"அது ஊரே சொன்னது. உங்க ரூம்ல?"

சீடரின் முகம் மாறியது. ஐம்பத்தொரு வயது முகத்தில் எங்கிருந்தோ ஒரு பத்தொன்பது வயதுப் பையன் எட்டிப் பார்த்தான்.

"ஞாயிறு."

"என்னது?"

"எங்க மெஸ்ல ஞாயித்துக்கிழம மத்தியானம் மட்டும்தான் கோழிக்குழம்பு. வாரம் பூரா அதுக்குத்தான் உசுரக் கையில பிடிச்சிக்கிட்டு இருப்போம். அதனால எங்க ரூம்ல எது நல்லா இருந்தாலும் ஞாயிறு. புதுச் சட்ட போட்டா, 'ஞாயிறுடா!' பரீட்ச சுமாரா எழுதினா சனிக்கிழம. விடிஞ்சா ஞாயிறுதானேனு ஒரு நம்பிக்க. செவ்வாக்கிழம ராத்திரி உப்புமா. அதனால மோசமான படம் பார்த்துட்டு வந்தா, 'செவ்வாய் மச்சி, போயிடாத'ம்பான்."

ஷப்னம் வாய்விட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

"பக்கத்து ரூம் பசங்க ஒரு தடவ அதச் சொல்லிப் பார்த்தாங்க. நாங்க விடல. போய் உங்களுக்குனு ஒண்ணு கண்டுபிடிங்கடானு தொரத்திட்டோம்." அவர் நிறுத்தினார். "கடைசி வருஷம், ஹாஸ்டல் நாள்ல இவன் பாடினான். நான் நாற்காலி மேல ஏறி நின்னு 'ரெட்ட ஞாயிறு'னு கத்தினேன். ரெட்ட ஞாயிறு அதுக்கு முன்னாடி யாருக்கும் குடுத்ததில்ல."

என்ன நாள்கள் அவை. கோழிக்குழம்புக்கு அலைந்ததைத் தவிர வேறு கவலையே இருந்ததில்லை.

ஷப்னம் போனை அவரிடம் நீட்டினாள்.

சீடர் வாங்கவில்லை. "வேணாம் குரு. அதச் சொல்ல எனக்கு இப்ப என்ன யோக்கியத இருக்கு? அவன அசிங்கப்படுத்தினவன் நான். மத்த வார்த்தன்னா கூட்டத்தோட கூட்டமாப் போயிடும். இது போட்டா நான்னு தெரிஞ்சிடும்."

அவள் கையை மடக்கவில்லை.

கடைசியில் அவர் போனை வாங்கினார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி 'ரெட்ட ஞாயிறு' என்று அடித்தார். தீயும் போடவில்லை, பூவும் போடவில்லை. அனுப்பிவிட்டுத் திரையைக் கவிழ்த்து வைத்தார்.

ஆபீஸ் தன் வேலையைப் பார்த்தது. ஒரு வளையல் கடைக்கு இரண்டு வரி, ஒரு ஜிம்முக்கு ஒரு வரி போனது. ஜிம்காரர் 'வெறித்தனம்' வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவருக்கு அது பொருத்தம்தான், கொடுத்தார்கள்.

நாலு மணிக்கு சீடர் போனைத் திருப்பிப் பார்த்தார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். மறுபடியும் மேலிருந்து தேடினார். பிறகு எழுந்து வந்து மேஜையருகே நின்றார்.

"அழிச்சிட்டான் குரு."

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். வேற லெவல்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அவர் போட்ட பழைய வேற லெவலும், அதன் கீழே கும்பிடும்கூட இருந்தன. இரண்டு சொல் மட்டும் இல்லை.

"நான்தான் சொன்னேனே" என்றார் அவர். "அவன் மனசுல எனக்கு இடமே இல்ல."

ஷப்னம் தன் வண்டிச் சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அவரு வீடு எங்க சார்?"

"பாலக்கரை. எதுக்கு? அவனுக்குத்தான் நான் யாரோ ஆயிட்டேனே."

"யாரோ போட்டதுக்கெல்லாம் கும்பிடு போட்டிருக்காரு சார். உங்க ஒருத்தர்கிட்டதான் கோவிச்சுக்கிட்டு இருக்காரு. போங்க."