போயிட்டு வர்றேன்

அந்தக் காலத்துக் கலெக்டர் துரைக்குக் கோபம் மூக்கின்மேல். "நேற்று மனு கொடுக்க வந்த இந்த மாசானம், 'போய் வருகிறேன்' என்றானே! பொழுது சாயும்வரை காத்திருந்தேன், ஆளைக் காணோம். பொய்யனை உள்ளே தள்ளுங்கள்!" என்று எதிரே நின்றவனைக் காட்டிக் குதித்தார்.

மாசானம் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்தவன் துபாஷி சவரியான். சொல்லுக்குச் சொல் பெயர்க்காவிட்டால் வேலை காலி என்று மிரட்டியதே இந்தத் துரைதான்.

அந்நேரம் மாசானத்துக்காகப் பரிந்து பேச ஊர்த் தலைவர் சுடலைமுத்து வந்தார். துரை மரியாதையாக, "ஹவ் டூ யூ டூ?" என்று கைநீட்டினார்.

சவரியான் உத்தரவுப்படியே பெயர்த்தான்: "நீங்க எப்படிச் செய்றீங்கன்னு துரை கேக்காரு."

கருப்பட்டி காய்ச்சுகிற சுடலைமுத்துவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. "பதனியைக் கொப்பரையில ஊத்தி, பாகு வர்ற வரைக்கும் காய்ச்சணும். அப்புறம் சிரட்டையில..."

அதையும் சவரியான் விடாமல் சொன்னான்.

"நிறுத்து! அது வெறும் முகமன். அதற்கெல்லாம் யாராவது பதில் சொல்வார்களா?" என்று துரை கத்தினார்.

"இதுவும் முகமன்தான், துரை. 'போறேன்' என்பது எங்களுக்கு அபசகுனம். அதனால் விடைபெறும்போது, 'போயிட்டு வர்றேன்' என்போம். யாரும் காத்திருப்பதில்லை" என்றான் சவரியான்.

துரையின் முகம் சிவந்தது. மாசானத்தைப் பார்த்து, "போ" என்று தமிழில் அதட்டியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"போயிட்டு... வா!"