வராத சுரம்

சிவஞானம் தன் புல்லாங்குழல் டீச்சர் மெஹருன்னிசாவைவிட இருபது வயது மூத்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு குழலைத் தூக்கியவர். அன்றைக்கு முகம் தொங்கிப்போய் வந்து உட்கார்ந்தார்.

"பக்கவாதம் வந்ததுல இருந்து அண்ணன் பேசுறதில்ல டீச்சர். அழறதும் இல்ல, சிரிக்கறதும் இல்ல. சுவத்தையே பாத்துக்கிட்டு இருக்காரு. நேத்து முகாரி வாசிச்சேன். ஒரு பிசிறு கிடையாது."

"என்ன செஞ்சாரு?"

"கொட்டாவி விட்டாரு."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "முகாரி எதுக்கு சார்?"

"சோகத்துக்கு முகாரிதானே? ஒரு தடவ அழுதுட்டா மனசு இளகும்னு பாத்தேன். சோகம் அந்தச் சுரத்துலதான இருக்கு?"

டீச்சர் குழலை எடுத்து ச, ரி, க, ம, ப, த, நி என்று ஏறினார். நி-யில் நின்றார். இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை.

சிவஞானம் நெளிந்தார். கடைசியில் தானே மேல் ச-வை முனகிவிட்டார்.

"உங்கள யாரு பாடச் சொன்னா?"

"சும்மா இருக்க முடியல டீச்சர்."

டீச்சர் மறுபடி ஏறினார். இந்தத் தடவை நி-யை நீட்டி, மேலே போகாமல் மெல்லத் த-வுக்கு இறங்கினார். சிவஞானத்துக்குக் கையில் மயிர் சிலிர்த்தது.

"நீங்க முன்னாடியே ச-வுக்குப் போய் நின்னுட்டீங்க. நான் வரல. அதான் சார் சிலிர்ப்பு. அது சுரத்துல இல்ல, நீங்க காத்திருந்ததுல இருக்கு," என்றார் டீச்சர். "அண்ணன் கச்சேரி கேப்பாரா?"

"ஒருநாளும் கேட்டதில்ல."

"அப்ப முகாரியில எங்க போய் நிப்பாரு? அவருக்கு வழி தெரிஞ்ச பாட்டு எது?"

சிவஞானம் வெட்கப்பட்டார். "சின்ன வயசுல, ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுல மைக்செட்காரன் ஒரு சினிமாப் பாட்ட ஓயாமப் போடுவான். குத்துப்பாட்டு டீச்சர். அண்ணன் தோள்ல உக்காந்து ஆடுவேன்."

"அதையே வாசிப்போம். நானும் வாரேன். கடைசிச் சுரத்த மட்டும் விட்டுருங்க."

மாலையில் இருவரும் போனார்கள். அண்ணன் சுவரைப் பார்த்தபடி கட்டிலில் கிடந்தார். நோயாளி முன்னால் இதையா வாசிப்பது என்று கூச்சத்தோடுதான் சிவஞானம் தொடங்கினார். இரண்டாவது அடியில் அண்ணனின் விரல் போர்வையில் தாளம் போட்டது. பல்லவி முடியும் இடம் வந்தது. கடைசிச் சுரத்துக்கு முன்னால் சிவஞானம் உதட்டிலிருந்து குழலை எடுத்துவிட்டார்.

அண்ணனின் தொண்டை அசைந்தது. கரகரத்த குரலில் அந்த ஒற்றைச் சுரத்தை அவரே பாடி முடித்தார். பிறகு தம்பி பக்கம் திரும்பி, உதடு கோணத் தேம்பித் தேம்பி அழுதார். சிவஞானத்துக்கும் அழுகை பொங்கிவிட்டது.

வாசலுக்கு வந்ததும் சிவஞானம் கேட்டார்.

"அது சந்தோஷப் பாட்டுல்லா டீச்சர். அப்பல்லாம் நான் சிரிச்சுக்கிட்டுத்தான கேட்டேன்? அவரு ஏன் இப்படி அழறாரு?"

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்க தோள்ல உக்காந்து கேட்டீங்க சார். அவரு உங்களச் சுமந்துக்கிட்டுக் கேட்டாரு. இப்ப அந்தத் தோள அசைக்க முடியல."

சிவஞானம் திரும்பி உள்ளே போய், அண்ணனின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.