காற்றில்லாமல் விழுந்த கிளை

சின்னப்பன் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலேசியாவில் தைப்பிங் நகரில் மங்களேஸ்வரி நடத்திய தியான வகுப்புக்குப் பல வருடங்களாக வந்துகொண்டிருந்தார். குருவை விட அவருக்குத்தான் வயது அதிகம். அவர் அவளை 'அம்மா' என்பார். அவள் அவரை 'ஐயா' என்பாள்.

அவருடைய ஒரே மகன் யுவேந்திரன், ஒரு மழைக்காட்டு விடுதியில் வழிகாட்டியாக இருந்தான். காட்டுப் பாதையில் நடந்துகொண்டிருந்தபோது மேலிருந்து கிளை முறிந்து விழுந்து இறந்துபோனான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கடவுள் கூப்பிட்டுக்கொண்டார் என்றார்கள். அவன் நேசித்த காட்டோடு கலந்துவிட்டான் என்றார்கள். சின்னப்பன் எல்லோரையும் கைகூப்பி அனுப்பிவைத்தார். ஆனால் ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு குருவிடம் கேட்டார்.

"அம்மா, அவன் ஏன்?"

மங்களேஸ்வரி கையிலிருந்த பாயைக் கீழே வைத்தாள்.

"அந்த இடத்தப் பாத்திருக்கீங்களா ஐயா?"

"இல்ல."

"போவோம். நானும் வர்றேன்."

சாலை முடிந்த இடத்திலிருந்து படகில் போனார்கள். ஆறு பால் டீ நிறத்தில் ஓடியது. விடுதி, கரைக்கு மேலே மரக்கால்களில் நின்ற சில அறைகள்தான். மகனோடு வேலை பார்த்த ரோஸ்லி படகுத்துறைக்கு வந்து சின்னப்பனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். மலாய் வழக்கப்படி அவரை 'பாக்சிக்' என்று அழைத்தான். மாமா என்று அர்த்தம். அவருக்கு மலாய் நன்றாகத் தெரியும்.

அங்கே எதுவும் காயவில்லை. துவைத்த சட்டை இரண்டு நாள் கொடியில் தொங்கியும் ஈரமாகவே இருந்து நாற ஆரம்பித்தது. உப்பு ஜாடிக்குள் கசிந்து கட்டியானது. தீக்குச்சி உரசினால் மருந்துதான் உதிர்ந்தது. சின்னப்பனின் தோல் செருப்பில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்தது. கேமராக்களையும் மருந்துகளையும் மட்டும், உள்ளே பல்பு எரியும் ஒரு அலமாரியில் வைத்துக் காப்பாற்றினார்கள். உடம்பில் வந்த வியர்வை உடம்பிலேயே நின்றது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூச்சு கனத்தது.

விடியும்போது தூரத்து மரங்களில் கிப்பன் குரங்குகள் கூவும். மதியம் தாண்டினால் மழை. இருட்டியதும் ஜெனரேட்டர் ஓடும். அது நின்றவுடன் மின்விசிறியும் நின்று, கொசுவலைக்குள் வெக்கை வந்து படுத்துக்கொள்ளும். வெளியே போகும்போதெல்லாம், அட்டை ஏறாமலிருக்க, முழங்கால் வரை இறுக்கிக் கட்டும் துணி உறையைப் போட்டுக்கொண்டார்கள். அப்படியும் மங்களேஸ்வரியின் கழுத்தில் ஒரு அட்டை ஏறி, ரத்தம் குடித்து, தானாகவே விழுந்தது. ரத்தம் நிற்காமல் வழிந்தது. அவள் துடைத்துக்கொண்டே சாப்பிட்டாள்.

சின்னப்பன் ரோஸ்லியிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"அன்னிக்குக் காத்து அடிச்சுதா?"

"இல்ல பாக்சிக். இலைகூட ஆடல. முந்தின நாள் பூரா மழை. கிளை மேல பெரணியும் பாசியும் மூட்டை மூட்டையா வளந்திருக்கும். அது தண்ணிய உறிஞ்சிக்கிட்டா பாரம் தாங்காது. கிளை ஏற்கனவே உளுத்திருந்தா காத்தே வேணாம்."

"அவனுக்குத் தெரியாதா இது?"

"அவன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தான்."

சின்னப்பன் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை, மரங்களின் உச்சியில் கட்டிய தொங்குபாலத்துக்குப் போனார்கள். ரோஸ்லி முதலில் தனியாக நடந்து, கயிறுகளையும் இரும்பு வடங்களையும் கையால் தொட்டுப் பார்த்துத் திரும்பினான். அலுமினிய ஏணிகளைப் படுக்கப் போட்டு, மேலே பலகை வைத்து, இரண்டு பக்கமும் மார்பளவு வலை கட்டியிருந்தார்கள். வடம் மரத்தை அறுக்காமலிருக்க நடுவே கட்டைகள் செருகியிருந்தன. ஒரு மரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம். மரத்தைச் சுற்றிய மேடையில் மற்றவர் காத்திருக்க வேண்டும்.

கீழே இருந்த இருட்டும் புழுக்கமும் மேலே இல்லை. வெளிச்சமும் கொஞ்சம் காற்றும் இருந்தன. பக்கத்துப் பக்கத்து மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல், நடுவே வாய்க்கால் போல வானத்தை விட்டிருந்தன. மங்களேஸ்வரி முதலில் கடந்து அடுத்த மேடையில் நின்றாள். சின்னப்பன் பாதி தூரம் வந்து நின்றுவிட்டார்.

"அதோ அந்த மரமா?" என்று பின்னாலிருந்த ரோஸ்லியிடம் கேட்டார்.

"ஆமா பாக்சிக்."

கிளை முறிந்த இடம் இன்னும் வெளுப்பாகத் தெரிந்தது. நேர் கீழே, இலைகளின் சந்தில், பாதையின் ஒரு துண்டு. சின்னப்பன் வலையைப் பிடித்துக் குனிந்து அதையே பார்த்தார்.

தூரத்தில் இடி உறுமியது.

"இறங்கணும் பாக்சிக். இடி வந்தா பாலத்த மூடிடுவோம்."

அவர் அசையவில்லை. வானம் கறுத்தது. பாலம் மெதுவாக ஆடத் தொடங்கியது.

"நீங்க போங்கம்மா," என்றார்.

மங்களேஸ்வரி மேடைப் பலகையில் உட்கார்ந்தாள்.

"போங்கன்னு சொல்றேன்ல."

"நீங்க வர்ற வரைக்கும் இருக்கேன்."

"பயமா இல்லயா உங்களுக்கு?"

"இருக்கு ஐயா."

அவள் இரண்டு கைகளாலும் வடத்தைக் கெட்டியாகப் பிடித்திருப்பதை அவர் பார்த்தார். முதல் துளிகள் விழுந்தன. அவர் வலையை விட்டுவிட்டு, ஒவ்வொரு பலகையாக அவளிடம் நடந்து வந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் மாலை ரோஸ்லி இரவு நடைக்குக் கூப்பிட்டான்.

"யுவா கூட்டிட்டுப் போற வழி. வர்றீங்களா?"

மூவரும் வரிசையாக நடந்தார்கள். வழுக்கினாலும் எதையும் பிடிக்கக் கூடாது என்று ரோஸ்லி சொல்லியிருந்தான். பிரம்புக்கொடியில் முள் இருக்கும், கிளையில் பாம்பு இருக்கும். டார்ச் பட்ட இடங்களில் சிலந்திகளின் கண்கள் பனித்துளி போல மின்னின. குச்சி என்று நினைத்தது கால் எடுத்து நடந்தது. தவளைகளின் சத்தத்தில் மழை விட்டதே தெரியவில்லை, இலைகள் சொட்டிக்கொண்டே இருந்தன.

ஓரிடத்தில் ரோஸ்லி நின்றான்.

"இங்கதான் பாக்சிக். கிளையப் பாதையிலேர்ந்து இந்தப் பக்கம் இழுத்துப் போட்டோம்."

சின்னப்பன் டார்ச்சை அடித்துப் பார்த்தார். மனிதன் இடுப்பளவு தடித்த கிளை. பட்டை கழன்று, ஈரத்தில் ஊறி, மெத்தென்று ஆகியிருந்தது. அதைக் காலால் உதைத்தார். சத்தமே வரவில்லை.

"லைட்ட அணைங்க," என்றான் ரோஸ்லி. "கொஞ்சம் பொறுங்க. கண்ணு பழகணும்."

மூவரும் அணைத்தார்கள். தன் கையே தெரியாத இருட்டு. யாரோ மூச்சு விடும் சத்தம். பிறகு கிளையிருந்த இடத்தில், நிழலை விடக் கொஞ்சம் வெளுப்பாக ஏதோ தெரிந்தது. மெல்ல மெல்ல அது பச்சையானது. சின்னச் சின்னக் குடைகளாக, உளுத்த மரத்தின் நீளம் முழுக்க, குளிர்ந்த ஒரு வெளிச்சம்.

"மழ அதிகமான மாசத்துலதான் இப்படி எரியும்," என்றான் ரோஸ்லி. "அவன் எங்கயும் போகல பாக்சிக். இந்த வெளிச்சத்துல இருக்கான்."

சின்னப்பன் மண்டியிட்டார். முகத்தை அந்த வெளிச்சத்துக்கு வெகு அருகில் கொண்டுபோனார். அப்படியே இருந்தார்.

"அம்மா."

"சொல்லுங்க ஐயா."

"இவன் சொல்றது நெசமா? மத்தவங்க சொன்னப்பல்லாம் நான் காதுல வாங்கல. நீங்க ஆமான்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்பிடுறேன். ஊருக்குப் போயி நிம்மதியாத் தூங்குவேன்."

இலைகள் சொட்டின. இருட்டில் மங்களேஸ்வரி அவர் பக்கத்தில் வந்து ஈர மண்ணில் உட்கார்ந்தாள். அவள் தோள் அவர் தோளில் பட்டது. அவள் அழுதுகொண்டிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இல்லங்க ஐயா," என்றாள். "இது காளான்."