ஜமீன்தாருக்குத் தெரியாத மலம்

“மும்மல அழுக்குகளில் வினை எனக்குப் புரிகிறது, மாயையும் புரிகிறது. உயிரை ஆதியிலிருந்தே மூடியிருக்கும் ஆணவ மலத்தை எவன் கண்டான்? காட்டுங்கள். இல்லாவிட்டால் மடத்தைப் பூட்டுவேன்!” ஜமீன்தார் பெரிய பூட்டை ஆட்டினார். மடத்தில் கூடியிருந்தவர்கள் ஏடுகளைப் புரட்டினார்கள்.

சமையல்காரி வடிவாள் கரண்டியோடு வந்தாள். “எசமான், இருட்டு மத்ததை மறைச்சாலும் தன்னைக் காட்டிக்கும். ஆணவமோ, தான் பிடிச்சவங்ககிட்ட தன்னையே மறைச்சுக்கும். அதான் இங்கே எல்லாருக்கும் தெரியுது, உங்களுக்கு மட்டும் தெரியலே.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“அதை நானே ஒழித்துக் காட்டுகிறேன்!”

“அந்த ‘நானே’தான் எசமான் அது! இருட்டை யாரும் பெருக்கித் தள்ள முடியாது. பக்குவம் வந்தா சிவனே குருவா வந்து விளக்கேத்துவார். அப்பவும் அது அழியாது, அடங்கித்தான் கிடக்கும்.”

ஜமீன்தார் பூட்டைக் கீழே போட்டுவிட்டு நடந்தார். அன்றிலிருந்து அது வடிவாளின் அரிசி அறையில் தொங்குகிறது.