சிரிக்காதே என்றொரு அரசாணை

முன்னொரு காலத்தில், அரசர்களுக்கு வேலை குறைவாகவும் யோசனை அதிகமாகவும் இருந்த நாளில், ஒரு மன்னர் மருத்துவச்சாலையைப் பார்வையிடப் போனார். அங்கே பூமயில் என்ற தாதி, இறந்துபோன முதியவரின் கண்களை மூடினாள். தூணுக்குப் பின்னால் போய் முகம் கழுவினாள். அடுத்த கட்டிலுக்கு வந்து, "இன்னிக்குக் காய்ச்சல் விட்டுடும் மாமா" என்று சிரித்தாள்.

விகடகவி கொண்டல்நாதன் எப்போதும் அவளைப் புகழ்வான். அது அமைச்சர் மார்த்தாண்டருக்குப் பிடிக்காது. "பார்த்தீர்களா அரசே, கல்நெஞ்சக்காரி! அத்தனையும் நடிப்பு!" என்று ஓதினார்.

மன்னருக்குச் சுருக்கென்றது. "நாளை முதல் மருத்துவச்சாலை, கடைவீதி, குறைகேட்கும் மண்டபம் மூன்றிலும் மனத்தில் இருப்பதே முகத்திலும் குரலிலும் இருக்க வேண்டும். நடிப்பவருக்கு வேலை இல்லை. முதலில் பூமயிலைக் கவனி. கொண்டலா, இது உன் பொறுப்பு!"

கொண்டல் அப்படியே நிறைவேற்றினான். மறுநாள் நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்லி ஒன்றும் எடுக்காத மகாராணியிடம் கடைப்பெண், "எனக்குக் கால் கடுக்குது, கிளம்புங்க" என்றாள். மண்டபத்தில் திரைக்குப் பின்னால் இருந்து நாளெல்லாம் வசவு வாங்கிக்கொண்டு, "சொல்லுங்க ஐயா, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்று இதமாகப் பேசும் ஊழியர், முதன்முறையாகத் திருப்பித் திட்டினார். குறை சொல்ல வந்து திட்டு வாங்கியவர் மார்த்தாண்டர்.

அன்று மாலை, மன்னரின் முதுகில் சில நாளாக இருந்த கட்டி பழுத்துவிட்டது. பூமயில் கட்டுத்துணியை அவிழ்த்தாள். மூக்கைப் பொத்தினாள். முகம் வெளுத்தது.

"பிழைப்பேனா?" என்றார் மன்னர்.

"தெரியலை அரசே. எனக்கே பயமா இருக்கு." கத்தி பிடித்த கை நடுங்கியது.

"ஐயோ, கொஞ்சம் சிரித்தபடி சொல்லேன்!"

"சிரித்தால் அவளுக்கு வேலை போய்விடுமே" என்றான் கொண்டல்.

"ஆணை ரத்து! ரத்து!"

பூமயில் ஒரு நிமிடம் கண்ணை மூடினாள். திறந்தபோது வேறு முகம். "ஒண்ணுமில்லை, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். மூச்சை இழுத்து விடுங்க." கை நடுங்கவில்லை. கட்டியைக் கீறியதே மன்னருக்குத் தெரியவில்லை.

"இதுவும் நடிப்புதானா?" என்று கேட்டார்.

"என் தம்பி முதுகுன்னு நினைச்சுக்கிட்டேன் அரசே. அப்படி நினைச்சாத்தான் அன்பு வரும், கையும் நிக்கும். ஆனா சும்மா வராது, வரவழைக்கணும். வீட்டுக்குப் போனா என் பிள்ளைகிட்டே சிரிக்க மிச்சம் இருக்காது."

மன்னர் தலைகுனிந்தார். அப்போது மார்த்தாண்டர் வாயெல்லாம் பல்லாக நுழைந்து, "கொண்டலா, உன் வெற்றியில் எனக்கு எத்தனை மகிழ்ச்சி!" என்றார்.

மன்னர் முதுகு வலிக்க வலிக்கச் சிரித்தார். "இவருக்கும் இந்தக் கலை தெரிகிறது! இனி மண்டபத் திரைக்குப் பின்னால் இவரே உட்காரட்டும். கொண்டலா, என்ன பரிசு வேண்டும்?"

"மருத்துவச்சாலையில் தாதிகளுக்கு ஓர் அறை அரசே. கதவைச் சாத்திக்கொள்ளும்படி இருக்க வேண்டும். உள்ளே இருக்கும்வரை அவர்களுடைய நோயாளிகளை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்."

மன்னர் அறையோடு முத்துமாலையும் கொடுத்தார். அந்த அறைக்குள் முதலில் போனவள் பூமயில்தான். முந்தைய நாள் கண் மூடிய முதியவருக்காக, அவள் வாய்விட்டு அழுதாள்.